பெனிசிலின் ஒவ்வாது என்னும் குறிப்பு

1941ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரத்து வைத்தியசாலையொன்றில் அல்பேட் அலெக்சாந்தர் என்னும் காவலருக்குப் பெனிசிலின் ஏற்றப்பட்டபோது, அம் மருந்து பொன்னினும் அரிதாயிருந்தது. அவருடைய சிறுநீரிற் கழிந்த மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினர். அப்படியிருந்தும் மருந்து தீர்ந்துவிட, தேறிவந்த அம் மனிதர் மீண்டும் நோயுற்று இறந்தார். ஆனால் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெருந்தொட்டிகளிற் பூஞ்சணத்தை வளர்த்து மருந்தைக் குவித்தன. தொண்டைக்கு இனிப்பு வில்லையாகவும், தோலுக்குப் பசையாகவும் பெனிசிலின் விற்பனையாயிற்று. தோலின்மேல் மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசுதல், அம் மருந்தைப் பகையென உடலுக்குக் கற்பிக்கும் வழிகளுள் ஒன்று என்பதை அக்காலத்தார் பெரிதும் எண்ணிப்பார்க்கவில்லை.

அதன் விளைவு விரைவிலே தெரிந்தது. தோலிலே தடிப்பும் அரிப்பும் கண்டவர் பலர். ஊசி ஏற்றிய சில நிமிடங்களுள் மூச்சடைத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து இறந்த ஒருவரைப் பற்றிய செய்தி 1949ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. அனபிலாக்சிஸ் எனப்படும் இந்தப் பேராபத்து மிக அரிது. ஆயினும் அதன் அச்சம் பரவலாயிற்று. எத்தகைய தடிப்பைக் கண்டாலும், நோயாளரின் குறிப்பேட்டிற் ‘பெனிசிலின் ஒவ்வாது’ என்று சிவப்பு மையால் எழுதிவிடுதல் வழக்கமாயிற்று. எழுதுவதற்கு ஒரு கணம் போதும். அழிப்பதற்கோ அன்று வழியே இருக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் நியூயோர்க்கில் ஆராய்ச்சி செய்த பேணாட் லெவின். பெனிசிலின் மிகச் சிறிய மூலக்கூறு. தனித்து நின்றால் உடலின் காவற்படை அதனைப் பொருட்படுத்தாது. ஆனால் அதன் நடுவிலுள்ள நான்கு அணுக்களாலான வளையம் இறுகி வளைந்த வில்லைப் போன்றது. எளிதில் உடைந்து திறந்துகொள்ளும். திறந்த வளையம் இரத்தத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு புரதத்தோடு ஒட்டிய உருவத்தையே உடல் அந்நியமெனக் கருதுகின்றது என்பதை லெவினும் அவரோடு உழைத்தவர்களும் 1960களின் தொடக்கத்திற் காட்டினர். ஒட்டுகின்ற மருந்திற் பெரும்பகுதி பெனிசிலோயில் என்னும் ஒரே வடிவத்தை எடுக்கின்றது. எனவே அதற்குப் ‘பெருங்கூறு’ என்றும், எஞ்சியவற்றுக்குச் ‘சிறுகூறுகள்’ என்றும் பெயரிட்டனர். பெயர் சற்று ஏமாற்றுவது. அளவிலே சிறியனவாகிய இக்கூறுகளே கொடிய உடனடி விளைவுகளோடு பெரிதும் தொடர்புடையன.

பெனிசிலோயிலை ஒரு செயற்கைச் சங்கிலியிற் கோத்துத் தோலிலே சிறிதளவு செலுத்தினால், உண்மையான ஒவ்வாமையுடையவரின் தோல் மட்டும் தடிக்கும். இதுவே இன்றுவரை வழங்கும் தோற்பரிசோதனையின் அடிப்படை. அப்படித் தடிக்கச் செய்யும் ஐ.ஜி.ஈ. என்னும் இரத்தப்புரதத்தை அமெரிக்காவிலும் சுவீடனிலும் ஆராய்ச்சியாளர் 1966, 1967ஆம் ஆண்டுகளில் இனங்கண்டனர்.

பரிசோதனை வந்தபின்னர் எதிர்பாராத உண்மையொன்று வெளிப்பட்டது. ஒவ்வாமை உண்டென்று எழுதப்பட்டவர்களை முறைப்படி சோதித்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேரோ அதற்கு மேற்பட்டவரோ பெனிசிலினைத் தீங்கின்றி ஏற்கின்றனர். இதற்குக் காரணங்கள் பல. வைரசுக் காய்ச்சலாலே குழந்தைக்கு எழுந்த தடிப்பு, அப்போது கொடுத்திருந்த மருந்தின்மேற் பழியாக ஏற்றப்பட்டிருக்கும். சுரப்பிக் காய்ச்சல் கண்டவர்க்கு அம்பிசிலின் கொடுத்தாற் பெருந்தடிப்பு எழுவதை 1967ஆம் ஆண்டில் வைத்தியர்கள் எழுதினர். அது அந்நோயும் மருந்தும் சேர்ந்த வேளையின் விளைவேயன்றி, வாழ்நாள் ஒவ்வாமை அன்று. வயிற்றோட்டத்தையும் குமட்டலையும் ஒவ்வாமை என எழுதியவரும் உண்டு. இவற்றினும் முக்கியமானது, மெய்யான ஒவ்வாமையும் தேய்ந்துபோவது. தோற்பரிசோதனையில் ஒவ்வாமை உறுதியானவர்களுள்ளும், மருந்தைத் தொடாதிருந்தால், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் அதனை இழந்துவிடுகின்றனர்.

பிழையான குறிப்பு தீங்கற்றது என்று நினைத்தல் தவறு. பெனிசிலினை விலக்கிய வைத்தியர் வேறு மருந்துகளை நாடுகிறார். அவை பெரும்பாலும் பலவகைக் கிருமிகளையும் ஒருங்கே அழிப்பன. பிரித்தானியக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலே, இக் குறிப்பைத் தாங்கியவர்க்கு மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலொகொக்கஸ் கிருமி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 69 பங்கும், குடலைத் தாக்கும் குளொஸ்ட்ரிடியம் கிருமி தொற்றும் வாய்ப்பு 26 பங்கும் மிகுந்திருந்தன.

சோதனை எங்ஙனம் நடைபெறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். நாற்பது வயதான ஒரு பெண்மணி சத்திரசிகிச்சைக்காக வருகிறார். ஆறு வயதிலே தொண்டை நோவுக்குப் பெனிசிலின் குடித்த மூன்றாம் நாளில் உடலிற் செந்தடிப்பு எழுந்தது என்பதே அவர் தாயார் சொல்லியது. வைத்தியர் முதலிற் கேட்பன மூன்று. அது ஐந்து ஆண்டுகளுக்குள் நேர்ந்ததா? ஆமெனில் இரண்டு புள்ளி. மூச்சுத் திணறலோ, முகவீக்கமோ, தோலுரியும் கடுநோயோ இருந்ததா? இருந்தால் இரண்டு புள்ளி. அதற்குச் சிகிச்சை வேண்டியிருந்ததா? ஆமெனில் ஒரு புள்ளி. மெல்பேணில் உருவாகி 2020ஆம் ஆண்டில் வெளியான அளவுகோல் இது. இப்பெண்மணிக்குக் கிடைப்பது பூச்சியம்; மெய்யான ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இத்தகையவருக்கு ஊசியே தேவையில்லை. அவசர மருந்தாகிய அட்ரினலினும் பயின்றவர்களும் உள்ள இடத்தில், 250 அல்லது 500 மில்லிகிராம் அமொக்சிசிலினை ஒருமுறை விழுங்கச் செய்து, ஒரு மணிநேரம் அருகிருந்து கவனிப்பர். 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், புள்ளி குறைந்த 382 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு நேரே மாத்திரையும் மற்றதற்கு முதலில் தோற்பரிசோதனையும் செய்தனர்; ஒவ்வொரு பகுதியிலும் ஒருவருக்கே ஒவ்வாமை புலப்பட்டது. மாத்திரைக்குச் சில நாட்களின் பின்னரும் தடிப்பு எழக்கூடும் என்பதால், அதையும் அறிவிக்கும்படி சொல்லி அனுப்புவர். வீட்டிலே மிஞ்சிய மாத்திரையை எடுத்துத் தாமே சோதித்துப் பார்ப்பது எவ்வகையிலும் தகாது.

புள்ளி மிகுந்தவர்க்கே தோற்பரிசோதனை. முன்கையிலே பெனிசிலோயில், சாதாரண பெனிசிலின், உப்புநீர், ஹிஸ்டமின் ஆகியவற்றின் துளிகளை இட்டு மெல்லக் குத்துவர். உப்புநீர் தடிக்கக் கூடாது. ஹிஸ்டமின் தடித்தே தீரவேண்டும். ஹிஸ்டமினும் தடிக்கவில்லையெனில், அவர் அரிப்புக்கான மாத்திரை ஏதோ உட்கொண்டிருக்கக்கூடும். அன்றைய சோதனை செல்லாது. ஆகவேதான் அம் மாத்திரைகளைச் சில நாட்கள் முன்னரே நிறுத்தச் சொல்கின்றனர். கால் மணி நேரத்தில் மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பு எழவில்லையெனில், தோலின் உள்ளே மிகச் சிறிதளவு ஏற்றிப் பார்ப்பர். அதிலும் ஒன்றுமில்லையெனின் இறுதியில் மாத்திரை.

இப்பரிசோதனை உடனடி ஒவ்வாமையை மட்டுமே காட்டும். பெனிசிலினாலே தோல் உரிந்து வாய் புண்ணாகியவர்க்கும், குருதியணுக்களோ சிறுநீரகமோ பழுதடைந்தவர்க்கும் தோற்பரிசோதனை ஒன்றும் உரையாது. அவர்களுக்கு மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்தலும் கூடாது. அவர்களுடைய குறிப்பு நிலைத்தேயிருக்க வேண்டியது.

சோதனையிலே தேறிய பெண்மணிக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. வைத்தியசாலைக் குறிப்பேட்டில் அழித்த சொல், குடும்ப வைத்தியரின் ஏட்டிலும், மருந்துக்கடைக் கணக்கிலும், அவர் தம் நாவிலும் அப்படியே இருக்கும். அடுத்த முறை தாதி கேட்கும்போது பழக்கத்தால் ‘பெனிசிலின் ஒவ்வாது’ என்று அவரே கூறிவிட்டால், அது மறுபடியும் சிவப்பு மையில் ஏறிவிடும். ஆதலால் சோதித்த நாளும் முடிவும் எழுதிய கடிதமொன்றை அவரிடம் கொடுத்தனுப்புகின்றனர்.