மகமையிலிருந்து பங்குச் சந்தைக்கு: ஒரு வங்கியின் நூறாண்டுப் பயணம்

விருதுநகரிலும் சிவகாசியிலும் 'பங்கு' என்ற சொல்லுக்குப் பங்குச் சந்தைக்கு முந்தைய பொருள் ஒன்று உண்டு. பட்டாசு ஆலையானாலும் தீப்பெட்டித் தொழிலானாலும் அச்சகமானாலும், அண்ணன் தம்பிகளும் மைத்துனர்களும் கூட்டாளிகளாகச் சேர்ந்து போட்ட முதலுக்கு உரிய பாகமே அங்கே பங்கு. அது வீட்டுக்குள்ளேயே கைமாறும். வெளியாருக்கு அதில் இடமிருப்பதில்லை. இந்த மண்ணோடு வேர்கொண்ட ஒரு நிறுவனம் தன் பங்குகளை ஊரறிய விற்பனைக்கு வைத்தபோது நேர்ந்ததைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நிறுவனம் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

இதன் முன்கதை மகமையில் தொடங்குகிறது. நாடார் வணிகர்கள் தம் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த பொதுப்பணம் மகமை எனப்பட்டது. உறவின்முறையின் கையில் சேர்ந்த அப்பணம் கோயிலாயிற்று, பேட்டையாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. பொதுப்பணத்தைச் சேர்த்து ஆளும் இப்பழக்கம் உள்ளவர்களுக்கு வங்கி என்ற எண்ணம் அந்நியமாக இருந்திருக்க முடியாது. 1920-இல் தூத்துக்குடியில் கூடிய நாடார் மகாஜன சங்க ஆண்டுவிழாவில் வங்கி தொடங்கும் கருத்து உருப்பெற்றது. 1921 மே மாதம் 'நாடார் வங்கி' பதிவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் தூத்துக்குடியில் செயல்படத் தொடங்கியது. 1947-இல்கூட அதற்கு நான்கே கிளைகள் இருந்தன: தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர். 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்ற பெயர் வந்தது.

வங்கி வளர்ந்தது, அதன் பங்குகள் பெருகவில்லை. வைப்புநிதி பல கோடிகளாக உயர்ந்த பின்னும், பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்குகள் மொத்தம் 2,84,454 மட்டுமே இருந்தன. அதாவது செலுத்தப்பட்ட மூலதனம் இருபத்தெட்டு லட்ச ரூபாய் சொச்சம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓர் அபாயம் ஒளிந்திருந்தது. சந்தையில் பட்டியலிடப்படாத பங்குக்கு ஊரறிந்த விலை கிடையாது. பெட்டிக்குள் கிடக்கும் பங்குப் பத்திரத்தின் உண்மையான மதிப்பு அதை வைத்திருப்பவருக்கே தெரியாது. நல்ல விலை தருவதாக ஒருவர் கதவைத் தட்டினால் அதுவே விலையாகிவிடும். 1990-களில் அதுதான் நடந்தது. எஸ்ஸார் குழுமத்தினர் வங்கியின் பங்குகளில் பெரும்பகுதியை வாங்கிவிட்டனர். சமூகத்தில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. மீட்புக்கென்று முதலீட்டாளர் மன்றம் அமைந்தது. அப்பங்குகள் ஸ்டெர்லிங் சிவசங்கரன் கைக்கு வந்து, அவரிடமிருந்து ஒரு பகுதி மீட்கப்பட்டது. இன்னொரு பகுதி வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனது. அந்தக் கைமாற்றங்கள் பற்றிய வழக்குகள் பல்லாண்டுகள் நீண்டன.

பின்னர் ஒரு பங்குக்கு ஐந்நூறு வீதம் போனஸ் பங்குகள் வழங்கப்பட்டு, எண்ணிக்கை பதினான்கேகால் கோடியாயிற்று. அப்போதும் சிக்கல் தீரவில்லை. மூலதனம் தொடர்பான விதி நிறைவேறவில்லை என்பதால் 2019-இல் ரிசர்வ் வங்கி புதிய கிளைகள் திறக்கத் தடைவிதித்தது. சந்தைக்கு வருவதே வழி என்றாயிற்று.

சந்தைக்கு வருவது ஒரு நாள் வேலையன்று. முதலில் வணிக வங்கியாளர்களை அமர்த்தி, வரைவு விவர அறிக்கை ஒன்றைச் செபியிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2021 செப்டம்பரில் இது நடந்தது. நிறுவனம் தன் குறைகளைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டிய ஆவணம் இது. வங்கியின் மூலதனத்தில் முப்பத்தேழு சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்குகள் வழக்கில் சிக்கியுள்ளன என்ற செய்தி அதன் 'இடர்கள்' பகுதியில் இடம்பெற்றது. வாங்க நினைப்பவர் முதலில் புரட்ட வேண்டிய பக்கங்கள் அவையே. செபி கேள்விகள் எழுப்பி, விளக்கம் பெற்று, தன் கருத்துகளைத் தெரிவித்த பின்னரே வெளியீட்டுக்கு நாள் குறிக்க முடியும்.

1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் புதிய பங்குகள்; விலை 500 ரூபாய் முதல் 525 வரை; 2022 செப்டம்பர் 5 முதல் 7 வரை விண்ணப்பம். இவை புதிய பங்குகள் என்பதால் பணம் முழுவதும் வங்கிக்கே போகும். பழைய பங்குதாரர் தம் பங்கை விற்கும் வகையாக இருந்தால் பணம் அவருக்குப் போகும். நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. விண்ணப்பிப்போர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இனி, யாருக்கு முதலில்? ஊரார் வரிசையில் நிற்பதற்கு முன்பே ஒரு பந்தி முடிந்துவிடும். வெளியீடு திறப்பதற்கு முந்தைய வேலை நாளில் 'ஆங்கர்' எனப்படும் நங்கூர முதலீட்டாளர்களுக்குப் பங்கு ஒதுக்கப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் துணிந்து வாங்கியிருக்கின்றன என்ற செய்தி மற்றவர்களுக்கு நம்பிக்கை தரும் என்பது இதன் நியாயம். இந்த வெளியீட்டில் எழுபத்தைந்து சதவீதம் தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களுக்கு. அதில் அறுபது சதவீதம், அதாவது 71 லட்சத்து 28 ஆயிரம் பங்குகள், நங்கூரக்காரர்களுக்கு 510 ரூபாய் விலையில் சென்றன. இச்சலுகைக்கு விலையும் உண்டு. அப்பங்குகளில் பாதியை முப்பது நாட்களுக்கும் மீதியைத் தொண்ணூறு நாட்களுக்கும் விற்க முடியாது. இறுதி விலை உயர்ந்தால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். குறைந்தால் திரும்பக் கிடைக்காது.

மீதமுள்ளதில் பதினைந்து சதவீதம் இரண்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பிக்கும் செல்வந்தருக்கு. இரண்டு லட்சம் வரை கேட்கும் சில்லறை முதலீட்டாளருக்கு எஞ்சியது பத்தே சதவீதம். இலாப வரலாறு உள்ளிட்ட சில அளவுகோல்களை நிறைவு செய்து வேறு விதியின்கீழ் வரும் வெளியீடுகளில் அவர்களுக்கு முப்பத்தைந்து சதவீதம் கிடைப்பதுண்டு. ஆகவே விளம்பரத்தின் பெரிய எழுத்தை விட்டு இந்தப் பங்கீட்டைப் பார்ப்பது நல்லது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து சதவீதம் என்பது 15 லட்சத்து 84 ஆயிரம் பங்குகள். ஒரு கட்டு 28 பங்குகள். ஆக, சுமார் 56,571 கட்டுகள். சில்லறைப் பிரிவில் ஆறரை மடங்கு அளவுக்குக் கோரிக்கை குவிந்தது. இப்படிக் கட்டுகளைவிட விண்ணப்பதாரர் மிகுந்துவிட்டால், பத்துக் கட்டு கேட்டவரும் ஒரு கட்டு கேட்டவரும் ஒன்றே. கணினிக் குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஒரே கட்டு, மற்றவருக்கு ஒன்றுமில்லை. நிறையக் கேட்டால் நிறையக் கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. பணம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். உச்ச விலையில் 14,700 ரூபாய் முடக்கப்பட்டவருக்கு, இறுதி விலை 510 என்று முடிவானபோது 14,280 ரூபாய் மட்டும் எடுக்கப்பட்டு, மீதி 420 ரூபாய் விடுவிக்கப்பட்டது.

செப்டம்பர் 15 அன்று பங்கு சந்தைக்கு வந்தது. தேசியப் பங்குச் சந்தையில் அதே 510 ரூபாய்க்கும், மும்பைப் பங்குச் சந்தையில் 495 ரூபாய்க்கும் வணிகம் தொடங்கியது. குலுக்கலில் வென்றவர் அன்று காலை விற்றிருந்தால் இலாபம் ஏதுமில்லை. முதலில் கிடைப்பதும் இலாபம் கிடைப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உறவின்முறைக்குள் இருந்தவரை பங்கு யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். அதன் விலை தெரியாது. இன்று விலை நொடிக்கு நொடி எல்லோருக்கும் தெரிகிறது. அதை நாளை யார் வாங்குவார் என்பதை ஊர் தீர்மானிக்க முடியாது. சிவகாசியின் குடும்பத் தொழில்களில் எதுவேனும் ஒருநாள் இவ்வழியில் வர எண்ணினால், முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியது இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான்.