நிலுவையில் நிற்கும் யுபிஐ பணக் கோரிக்கை

பணம் பெற வேண்டியவர், பணம் தர வேண்டியவரின் யுபிஐ ஐடிக்குச் செயலி வழியாக அனுப்பும் கேட்புதான் யுபிஐ பணக் கோரிக்கை. புழக்கத்தில் இதைக் கலெக்ட் ரிக்வெஸ்ட் என்பார்கள். கடையில் கியூஆர் ஸ்கேன் செய்யும்போது பணம் தருகிறவர் பரிமாற்றத்தைத் தொடங்குகிறார். இங்கே பெறுகிறவர் தொடங்குகிறார். தருகிறவர் தன் செயலியில் பெயரையும் தொகையையும் பார்த்து, Pay என்பதை அழுத்தி, யுபிஐ பின் நம்பரைப் போட்டால்தான் பணம் நகரும். பின் போடும்வரை கோரிக்கை நிலுவையில், அதாவது பெண்டிங்கில், நிற்கும். Decline அழுத்தினால் அங்கேயே முடிந்துவிடும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் கெடு தீர்ந்ததும் தானாகக் காலாவதியாகும்.

யுபிஐ முறையை என்பிசிஐ எனப்படும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2016-இல் தொடங்கியபோதே இந்த வசதியும் கூட வந்தது. நண்பரிடம் சாப்பாட்டுக் காசைக் கேட்கவும், இணையக் கடை வாடிக்கையாளரிடம் பணம் வாங்கவும் ஒரே வழி. முதல் பயன்பாட்டை மோசடிக்காரர்கள் கெடுத்தார்கள். ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறோம், பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று நம்பவைத்துக் கோரிக்கை அனுப்பினார்கள். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை என்பது தெரியாதவர்கள் இழந்தார்கள். தனியாள்களுக்கு இடையிலான கோரிக்கைக்கு முதலில் 2,000 ரூபாய் வரம்பு வைத்துப் பார்த்த என்பிசிஐ, 2025 அக்டோபர் 1 முதல் அதை அறவே நிறுத்தச் சொன்னது. வணிகர்கள் அனுப்பும் கோரிக்கைகளை அந்தத் தடை தொடவில்லை. ஆகவே அதன் பிறகு நிலுவைச் சிக்கல் என்றால், அது பெரும்பாலும் ஏதோ ஒரு இணையதளத்தில் யுபிஐ ஐடியைத் தட்டச்சு செய்து பணம் கட்டும்போது எழுவதுதான்.

எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும்?

கெடுவை வைப்பவர் கோரிக்கையை அனுப்புகிறவர். யுபிஐ விதிப்படி கோரிக்கைச் செய்தியிலேயே EXPIREAFTER என்ற பெயரில் ஒரு எண் போகும். அது நிமிடக் கணக்கு. குறைந்தது 1 நிமிடம், அதிகபட்சம் 64,800 நிமிடம். பின்னதை நாளாக்கினால் 45 நாள். எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நிமிடம் என்பது பொது வழக்கம். பேருந்து, திரைப்பட இருக்கை போல நெடுநேரம் பிடித்துவைக்க முடியாத சரக்கை விற்பவர்கள் சில நிமிடம்தான் தருவார்கள். மாதக் கட்டணம் கேட்பவர்கள் நாள் கணக்கில் விட்டுவைப்பதும் உண்டு. செயலியில் அந்தக் கோரிக்கையைத் திறந்தால் எப்போது காலாவதியாகும் என்ற தேதியும் நேரமும் பெரும்பாலும் இருக்கும். தொகையைப் பார்த்தவுடன் விரல் பொத்தானுக்குப் போய்விடுவதால் அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு.

கெடு கடந்த பிறகு பின் போட்டாலும் பலிக்காது. வங்கிகளுக்கு இடையே அது U69 என்ற குறியீட்டோடு, கோரிக்கை காலாவதி என்று திரும்பும். நாமே மறுத்தது ZA என்று பதிவாகும். இரண்டிலும் கணக்கிலிருந்து ஒரு பைசாவும் போயிருக்காது.

உண்மையான தொல்லை கெடுவின் நீளத்தில் இல்லை. ஒரே கொள்முதலுக்கு இரண்டு கெடு ஓடுவதில் இருக்கிறது. இணையதளப் பக்கத்தில் இறங்குமுகமாக ஓடும் நேரம் கடைக்காரருடையது. செயலிக்குள் கிடக்கும் கோரிக்கையின் நேரம் யுபிஐயுடையது. இரண்டையும் ஒன்றாக அமைத்திருந்தால் பிரச்சினையில்லை. அமைக்காத இடங்களில், பக்கம் ‘பணம் கட்டுதல் தோல்வி’ என்று சொன்ன பிறகும் கோரிக்கை செயலியில் உயிரோடு நிற்கும்.

ஒரு சீட்டு, இரண்டு கட்டணம்

கோவையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் 1,150 ரூபாய்ச் சீட்டு ஒன்றை ஒருவர் கணினியில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு 9:00 மணிக்குத் தன் யுபிஐ ஐடியைக் கொடுக்கிறார். பக்கத்தில் 5 நிமிடம் ஓடத் தொடங்குகிறது. நிறுவனம் கோரிக்கைக்கு வைத்திருக்கும் கெடுவோ 15 நிமிடம். வீட்டில் சிக்னல் சரியில்லை. கைபேசியில் அறிவிப்பு வரவில்லை. 9:05-க்குப் பக்கம் தோல்வி என்கிறது. அவர் மறுபடி முதலிலிருந்து பதிந்து, இந்த முறை திரையில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்து 1,150 கட்டுகிறார். சீட்டு வந்துவிடுகிறது. 9:08-க்குத் தங்கிப்போன பழைய அறிவிப்பு வந்து விழுகிறது. அதே நிறுவனப் பெயர், அதே தொகை. சீட்டை உறுதிசெய்யக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் பின் போடுகிறார். கணக்கில் 2,300 குறைந்திருக்கிறது.

இதில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. யுபிஐக்குச் சீட்டும் தெரியாது, பயணமும் தெரியாது. அதற்குத் தெரிவது பரிமாற்ற எண் மட்டும். இரண்டு பரிமாற்றத்துக்கும் தனித்தனி எண், தனித்தனி 12 இலக்கக் குறிப்பெண். இரண்டிலும் கணக்குக்குரியவர் தன் பின்னைப் போட்டிருக்கிறார். வேறு வழியில் பணம் கட்டிவிட்டதால் பழைய கோரிக்கை தானாக அழிந்துவிடாது. தொகையும் பெயரும் ஒன்றாக இருக்கிறதே என்று வங்கி நிறுத்தி வைக்கவும் செய்யாது. ஒரே கடையில் ஒரே விலைக்கு இரண்டு பொருள் வாங்குவது தவறில்லையே.

பணம் எங்கே நிற்கிறது?

நிலுவை என்ற ஒரே சொல் செயலிகளில் இரண்டு வேறு நிலைகளுக்கு வழங்குகிறது. மறுபடி கட்டலாமா கூடாதா என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

பின் போடப்படாத நிலுவையில் பணம் நம் கணக்கிலேயே இருக்கிறது. அங்கே ஆபத்து, மேலே பார்த்ததுபோல, பின்னால் மறந்துபோய் ஒப்புதல் தந்துவிடுவதுதான். முதலில் செயலியைத் திறந்து நிலுவைக் கோரிக்கைகளின் பட்டியலுக்குப் போய், அறிவிப்பு வராவிட்டாலும் அது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதிலேயே கட்டலாம், கெடு பாக்கியிருந்து, பக்கமும் இன்னும் காத்திருந்தால். பக்கம் மூடிவிட்டிருந்தால் அதை மறுத்துவிட்டு, அதன் பிறகே வேறு வழியில் கட்ட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

பின் போட்ட பிறகு வரும் நிலுவை வேறு ஜாதி. பின் சரியாக இருந்தால் முதலில் நம் வங்கி கணக்கில் கழிக்கும். பிறகு பெறுகிறவரின் வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லிச் செய்தி போகும். அந்த வங்கியிலிருந்து பதில் வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால், வரவு வைத்தார்களா இல்லையா என்று நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. வரவு வைத்துவிட்டுப் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். வரவே ஆகாமலும் இருக்கலாம். ஆகவே தோல்வி என்றும் சொல்லாமல், வெற்றி என்றும் சொல்லாமல் பெண்டிங் என்று காட்டுகிறார்கள். நிலையை மறுபடி மறுபடி கேட்டுப் பார்ப்பதற்கும் அளவு வந்துவிட்டது: 2025 ஆகஸ்ட் முதல் ஒரு நிலுவைப் பரிமாற்றத்தை 3 முறை, 90 விநாடி இடைவெளியில்தான் சோதிக்கலாம்.

செயலி என்ன சொன்னாலும், பணம் போனதா என்பதற்குக் கடைசிச் சாட்சி வங்கிக் கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியல். அதில் கழிவு இல்லையென்றால் அந்தச் சமயத்தில் எதுவும் போகவில்லை. இருந்தால் அதன் பக்கத்தில் உள்ள 12 இலக்கக் குறிப்பெண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வங்கியும் கடையும் பேசிக்கொள்ளும் எண் அதுதான்.

இரண்டாம் முறை கட்டினால் இழப்பது என்ன?

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, தோற்றுப்போன பரிமாற்றங்களுக்குக் காலக்கெடு வைத்தது. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கழிந்து, அவர் கணக்கில் ஏறாவிட்டால், மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி போகவில்லையென்றால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும்.

நல்ல பாதுகாப்புதான், ஆனால் அது தோற்ற பரிமாற்றத்துக்கு உரியது. இரண்டு முறை கட்டி இரண்டும் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், தோல்வி என்று சொல்ல எதுவுமில்லை. தானாகத் திரும்பும் விதி அங்கே பொருந்தாது, 100 ரூபாயும் கிடையாது. பதறிக் கட்டியவர், விதியின் காவலில் இருந்த பணத்தோடு, கடைக்காரரின் ரீஃபண்ட் ஒழுங்கை நம்பி நிற்கும் பணத்தையும் சேர்த்துக்கொள்கிறார். ஒழுங்கான நிறுவனம் அன்றாடக் கணக்குப் பார்க்கையில், ரத்தான பதிவுக்கு வந்த பணத்தைக் கண்டு சில நாளில் திருப்பிவிடும். சிறிய கடையில் யாராவது கேட்டால்தான் தேடுவார்கள்.

பின் போட்ட பிறகு நிலுவை என்றால் காத்திருப்பதே லாபம் என்பது இதனால்தான். பேருந்து புறப்படப் போகிறது, காத்திருக்க முடியாது என்றால், மறுபடி கட்டுவது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் முதல் தொகை சில நாள் கையில் இருக்காது என்பதைத் தெரிந்தே கட்ட வேண்டும். முதல் பதிவு தாமதமாக உறுதியாகி இரண்டு சீட்டு வந்தால், ரத்துக் கட்டணம் பிடிக்கவும் வாய்ப்புண்டு.

புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கையில் வரும் கோரிக்கை இவற்றில் சேராது. அதை ஒப்புக்கொண்டால் பணம் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும், ஒதுக்கீடு கிடைத்தால்தான் கழியும். வெளியீடு முடியும் நாள் மாலை 5 மணிக்குள் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் செல்லாது. அங்கே நிலுவையில் விடுவதுதான் நஷ்டம்.

புகார் செய்யும்போது

பணம் கழிந்து கடைக்குச் சேராதது பரிமாற்றப் புகார். செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து அதிலிருந்தே எழுப்பலாம். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இரண்டு முறை கட்டியது வேறு வகை. முதலில் கடைக்கே எழுத வேண்டும்: இரண்டு குறிப்பெண்ணும், சீட்டு எந்தக் குறிப்பெண்ணுக்கு வந்தது, எது திரும்ப வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். எண்ணைச் சொல்லாமல் ‘பணம் இரண்டு தடவை போய்விட்டது’ என்று மட்டும் எழுதினால், சீட்டு வந்த பரிமாற்றத்தையே அவர்கள் ரத்து செய்துவிடக்கூடும். கடை மசியாவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போய்ப் பயனில்லை. அவர் விசாரிப்பது வங்கிகள் போன்ற, ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களைத்தான். கடைமீதான குறைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.