மூன்று நிமிடப் பேச்சு

மாணவர் ஒரே கருத்தைத் தொடக்கம், முக்கியக் கருத்துகள், முடிப்பு என அடுக்கி, 180 விநாடிக்குள் பேசப் பழகும் வகுப்புப் பயிற்சி. எழுதும் வரிசை பேசும் வரிசையல்ல: முதலில் முடிப்பு வாக்கியம், பிறகு கருத்துகள், கடைசியில்தான் தொடக்கம்.

பனைமரம் பற்றிப் பேசும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவையோர் பெயர்களை அடுக்கி வணங்குவதிலேயே அரை நிமிடம் போய்விடுகிறது; நம் மேடைகளின் பழைய நோய் அது. அதை ஒரே 'வணக்கம்' ஆக்கிவிட்டு, கையில் ஒரு நுங்கைத் தூக்கிக் காட்டித் தொடங்குகிறாள். அதற்கு 25 விநாடி. பதநீர், ஓலை, வேர், கருப்பட்டி என எழுதிவைத்த நான்கில் இரண்டை வெட்டுகிறாள். பதநீருக்கும் ஓலைக்கும் தலா ஒரு நிமிடம். மீதி 35 விநாடியில் மீண்டும் நுங்குக்கே திரும்பி முடிக்கிறாள்.

மனப்பாடம் செய்தவரைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு சொல் தவறினால் வாக்கியத்தின் தலைக்கே ஓடுவார். அதனால் கையட்டையில் முழு வாக்கியம் இருக்காது, குறிப்புச் சொற்களே இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய ஆய்வேட்டுப் போட்டிக்கும் இதே மூன்று நிமிடம்தான். அங்கே நேரம் தாண்டினால் தகுதியிழப்பு. வகுப்பில் பெரும்பாலும் ஆசிரியரின் மணியோசை.