"பெருநாள் அன்று கடை பூட்டு" – அது எந்த நாள்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்பின் கடைசி வாரம் வந்துவிட்டால் நம்முடைய டவுனில் புடவைக்கடை, தையல்கடை, பலசரக்குக்கடை வாசல்களில் ஒரு மட்டை தொங்கும். "இரவு 12 மணி வரை திறந்திருக்கும். பெருநாள் அன்று கடை பூட்டு." நாம் வாசித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்த இரண்டாவது வரியில் திகதி இருக்காது. அது ஏன் இல்லை, இல்லாததால் யாருக்கு என்ன நடக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம்முடைய கொட்டியாரக் குடாவின் இரண்டு கரைகளையும் தொட்ட வரலாறும் அதில் உண்டு.

முதலில் சாதாரண வாரத்தைப் பார்ப்போம். இந்த நாட்டில் கடை ஊழியரின் வேலை நேரத்தைச் சட்டம் கவனிக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஊழியர் ஒருவருக்கு வாரத்தில் 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை. வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையும் கொடுக்க வேண்டும். கடை எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்பது வாரத்துக்கு வாரம் ஒரே ஒழுங்கில் வருவதற்கு இப்படியான விதிகளும் ஒரு காரணம். "ஞாயிறு விடுமுறை" என்று பெயர்ப் பலகையில் பெயின்ற்றால் எழுதிவிட்டால் போதும். பிறகு அதைத் தொடத் தேவையில்லை.

அந்தப் பெயின்ற் எழுத்துக்குப் பயனில்லாமல் போன ஒரு காலமும் இருந்தது. இளையவர்கள் பலருக்கு இது தெரியாது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் 1965இல் கொண்டுவந்த 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தின்படி, 1966 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. அதற்குப் பதிலாக மாதத்தின் நான்கு போயா நாட்களும் வார விடுமுறை ஆகின. அமாவாசை, பூரணை, இடையில் வரும் இரண்டு அரைப்பிறை நாட்கள், இவைதான் அந்த நான்கு. போயாவுக்கு முதல் நாள் அரை நாள் விடுமுறை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு ஏறத்தாழ 29 அரை நாள். அதை நான்காகப் பிரித்தால் ஏழு நாளுக்குச் சற்று மேலே வரும். அதனால் ஒரு விடுமுறையிலிருந்து அடுத்த விடுமுறை பெரும்பாலும் ஏழு நாளில் வந்தாலும், இடையிடையே எட்டு நாளிலும் வந்தது. இந்த வாரம் செவ்வாயில் வந்த விடுமுறை, சில வாரம் கழித்துப் புதனுக்கும் வியாழனுக்கும் நகர்ந்தது. ஜும்ஆ மட்டும் வழமைபோல ஏழு நாளுக்கு ஒருமுறை வெள்ளியில் நின்றது. நம் ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வகை வாரங்கள் ஓடிய காலம் அது. அப்போது "வாரத்தில் இன்ன கிழமை பூட்டு" என்று சொல்லி ஒரு வாடிக்கையாளருக்கும் எதையும் விளங்கப்படுத்த முடியாது. திகதியைச் சொல்லியே ஆக வேண்டும்.

உலகின் பல நாடுகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும்போது நாம் வேறு நாளில் ஓய்வெடுப்பது வெளிநாட்டு வர்த்தகத்துக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. கடைசியில் 1971இல் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தோடு ஞாயிறு திரும்பி வந்தது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. இன்றைக்கும் அன்று இறைச்சிக்கடை பூட்டு.

இதில் நான் சொல்ல வந்த விடயம் ஒன்று இருக்கிறது. போயாவும் நிலாதான், பெருநாளும் நிலாதான். ஆனால் போயா கணக்கிடப்பட்ட நிலா. அடுத்த வருடம் எந்தெந்தத் திகதியில் போயா என்று முன்கூட்டியே அச்சிட்டுவிடலாம். இறைச்சிக்கடைக்காரர் டிசம்பரிலேயே வருடம் முழுவதற்குமான மட்டையை எழுதி வைக்கலாம். நம்முடைய பெருநாள் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் நிலா. 29ஆம் நோன்பு மஃரிபுக்குப் பிறகுதான் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் மற்றவர்களும் சேர்ந்து முடிவை அறிவிப்பார்கள். வானொலி முஸ்லிம் சேவையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த இரவுகள் எல்லா வீட்டிலும் உண்டு. கலண்டரில் சிவப்பில் இருக்கும் நோன்புப் பெருநாள் திகதி ஒரு மதிப்பீடு மட்டுமே. அதனால்தான் கடைக்காரர் திகதி போடாமல் "பெருநாள் அன்று" என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்.

அந்த வரி எங்கே உடையும் என்பதை 2013ஆம் ஆண்டு காட்டியது. அந்த வருடம் ஆகஸ்ட் 7, புதன்கிழமை, 29ஆம் நோன்பு. அன்று மாலை கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சொல்லப்பட்டது. கொழும்பில் அது ஏற்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை, 9ஆம் திகதி பெருநாள் என்று அறிவிக்கப்பட்டது. கிண்ணியாவில் வியாழக்கிழமையே, 8ஆம் திகதி, பெருநாள் கொண்டாடினார்கள். யார் சரி, யார் பிழை என்று பேச நான் வரவில்லை. அதைப் பேச உலமாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். நான் கடை வாசலில் தொங்கிய மட்டையைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன்.

டவுனில் ஒரு புடவைக்கடை, பக்கத்தில் ஒரு தையல்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வர பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதனால் அந்தக் கடைகளுக்கு அக்கரை வாடிக்கையாளர்களும் உண்டு. வாசலில் "பெருநாள் வரை இரவு 12 மணி வரை, பெருநாள் அன்று பூட்டு" என்று இருக்கிறது. புதன் இரவு கொழும்பு அறிவிப்பு வந்ததும் முதலாளி நினைப்பார்: "நாளைக்கும் நோன்புதானே, இன்னும் ஒரு முழு இரவு வியாபாரம் இருக்கிறது. பொடியன்கள் களைத்துப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஒன்பது மணிக்குப் பூட்டுவோம்." அவருடைய பக்கத்தில் அது நியாயம். ஆனால் கிண்ணியாவில் ஒரு தாய்க்கு அதுதான் கடைசி இரவு. பிள்ளைகளின் உடுப்பு தையல்கடையில் கிடக்கிறது. மட்டையில் 12 மணி என்று இருந்ததை நம்பிப் பத்து மணிக்குப் பாலம் கடந்து வந்தால், கதவு பூட்டு. மறுபக்கம், வியாழன் காலையில் டவுனிலிருந்து கிண்ணியாவில் ஒரு கடைக்குப் போனவருக்கும் அதே நிலைதான். அவருக்கு அது முப்பதாம் நோன்பு. கடைக்காரருக்குப் பெருநாள்.

அந்தப் புடவைக்கடைக்கு மட்டையை எப்படி எழுதியிருக்கலாம்? நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சந்தேகம் உள்ள நாள் ஒன்றே ஒன்றுதான் என்று தெரியும்.

7 ஆகஸ்ட் 2013, புதன்: காலை 9 – இரவு 12. பிறைச் செய்தி எப்படி வந்தாலும் இந்த நேரம் மாறாது.
8 ஆகஸ்ட், வியாழன்: புதன் இரவு வானொலியில் பெருநாள் அறிவித்தால் பூட்டு. அறிவிக்காவிட்டால் காலை 9 – இரவு 12.
9 ஆகஸ்ட், வெள்ளி: பூட்டு.
10 ஆகஸ்ட், சனி: வழமைபோல் காலை 9 மணிக்குத் திறப்போம்.
தைத்த உடுப்புகளைப் புதன் இரவுக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

பாருங்கள், வியாழன் பெருநாளானாலும் வெள்ளி பெருநாளானாலும், வெள்ளியும் சனியும் மாறவில்லை. புதன் இரவும் மாறக்கூடாது. "ஆனால்", "விட்டால்" எல்லாம் வியாழன் வரிக்குள் மட்டும் நிற்கின்றன. இன்னொன்றும் கவனியுங்கள். இந்த மட்டை எந்த நாள் பெருநாள் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் கடை எந்த நாள் பூட்டு என்று மட்டும் சொல்கிறது. வியாழன் கொண்டாடுகிறவரும் வெள்ளி கொண்டாடுகிறவரும் மனம் நோகாமல் அதை வாசித்து, தன் வேலையைத் திட்டமிடலாம். வானொலியில் வரும் அறிவிப்பு என்று எழுதியிருப்பதால், எந்தச் செய்தியைக் கேட்டு முடிவெடுப்போம் என்பதிலும் குழப்பமில்லை.

கிழமையையும் திகதியையும் சேர்த்து எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. இஸ்லாமிய நாள் மஃரிபில் தொடங்குகிறது. அதனால் நம் மூத்தவர்கள் "வெள்ளி இரவு" என்றால் வியாழன் மஃரிபுக்குப் பின் வரும் இரவு. பக்கத்துக் கோயில் தெருவிலிருந்து வரும் தமிழ் அக்காவுக்கோ, துறைமுகத்தில் வேலை செய்யும் சிங்கள அண்ணாவுக்கோ அது வெள்ளிக்கிழமை பொழுதுபட்ட பிறகு வரும் இரவு. "பெருநாள் இரவு விசேட விலைக்கழிவு" என்று எழுதினால், ஒருவர் ஒரு நாள் முந்தி வருவார், மற்றவர் ஒரு நாள் பிந்தி வருவார். "29ஆம் நோன்பு" என்று மட்டும் எழுதினால் அவர்கள் இருவருக்கும் ஒன்றுமே விளங்காது. இந்த டவுனில் எந்தக் கடைக்கும் ஒரே சமூகத்து வாடிக்கையாளர் மட்டும் இல்லையே.

நோன்பு திறக்கும் இடைவேளைக்கு மட்டும் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வருடம் முழுவதும் பார்த்தாலும் இங்கே சூரியன் மறையும் நேரம் ஏறத்தாழ முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் முன்பின்னாகிறது. ஒரு நோன்பு மாதத்துக்குள் வரும் மாற்றம் அதைவிடக் குறைவு. லண்டனில் கடை வைத்திருக்கும் நம் உறவினர் நோன்பு மாதத்துக்குள்ளேயே இந்த நேரத்தை மாற்றி எழுத வேண்டி வரலாம். ஆகஸ்டில் வந்த அந்த நோன்புக்கு, "மாலை 6 – 7 இடைவேளை" என்று முதல் நாள் எழுதினால் கடைசி நாள் வரை அது பொருந்தும்.

கடைசியாக, வருடத்தையும் போடுங்கள். மட்டை கழற்றினால் போய்விடும். வாட்ஸ்அப்பில் போன படம் போகாது. அடுத்த நோன்பில் யாரோ ஒருவர் அதையே மறுபடி அனுப்புவார்.

1966க்கும் 1971க்கும் இடையில் நம் டவுனில் கடை வைத்திருந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் போயா வாரங்களில் உங்கள் வாப்பாவோ அப்பாவோ கடை பூட்டும் நாளை வாடிக்கையாளர்களுக்கு எப்படிச் சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். பழைய மட்டையோ கணக்குக் கொப்பியோ கிடந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட எனக்கு உதவும்.