உரிமம் புதுப்பிக்கக் கோரும் கடிதம்

உரிமம் புதுப்பிக்கக் கோரும் கடிதம் என்பது, காலாவதியாகவுள்ள தொழில் உரிமத்தை நீட்டித்துத் தருமாறு உரிய அலுவலருக்கு எழுதப்படும் விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, செய்தி, இணைப்பு என்பது தமிழ்நாட்டு அலுவலக வழக்கு. இவற்றுள் கடிதத்தின் உயிர் பார்வையிலும் இணைப்பிலும் இருக்கிறது. பார்வை, அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள தாள்களைச் சுட்டுகிறது. இணைப்பு, இப்போது புதிதாகக் கொடுக்கும் தாள்களைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கடையைத்தான் பேசுகின்றன என்று அலுவலருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சென்னையை அடுத்த நாவலூரில் இதைத் தெளிவாக்குவது எளிதன்று. ஒரே சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை, பழைய மாமல்லபுரம் சாலை, ஓ.எம்.ஆர். என மூன்று பெயர்கள். அஞ்சல் முகவரியில் சென்னை 600130. ஊர் முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டம்.

எடுத்துக்காட்டாக, அங்கே 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்தாண்டு உணவு உரிமம் பெற்ற ஒரு மெஸ்ஸைக் கொள்வோம். 2024 மார்ச் 31-இல் அது முடியும். 2024-இல் நடப்பிலிருந்த 2011-ஆம் ஆண்டு உணவு உரிம ஒழுங்குமுறையின்படி, முடிவுக்கு 30 நாள் முன்பே, அதாவது மார்ச் 1-க்குள், விண்ணப்பிக்க வேண்டும். பிந்தினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். விண்ணப்பம் FoSCoS தளத்தில் பதிவாகி 17 இலக்கக் குறிப்பு எண் கிடைக்கும். அதன்பின் செங்கல்பட்டு நியமன அலுவலருக்கு எழுதும் கடிதத்தில் பார்வை இப்படி அமையும்:

பார்வை: 1. உரிம எண் 12419… (14 இலக்கம்)
2. இணையவழி விண்ணப்பக் குறிப்பு எண், நாள்

உரிம எண்ணின் தொடக்கமே ஒரு சரிபார்ப்பு: 1 உரிமத்தையும், 24 தமிழ்நாட்டையும், 19 ஆண்டையும் குறிக்கும். ஓரிலக்கம் பிசகினாலும் வேறொரு கடையின் பதிவு திறக்கக்கூடும்.

பழைய உரிமத்தில் காஞ்சிபுரம், புதிய வாடகை ஒப்பந்தத்தில் செங்கல்பட்டு. விளக்கம் இல்லாவிட்டால் கடை இடம் மாறிவிட்டதோ என்ற ஐயம் எழும். இடமாற்றம் என்றால் புதுப்பித்தல் மட்டும் போதாது. எனவே செய்தியில் ஒரு வாக்கியம் வேண்டும்: “பார்வை 1-இல் கண்ட உரிமத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் எனக் குறிப்பிடப்பட்ட இடமும், இணைப்பு 2-இல் உள்ள வாடகை ஒப்பந்தத்தில் செங்கல்பட்டு மாவட்டம் எனக் குறிப்பிடப்பட்ட இடமும் ஒன்றே, மாவட்டப் பிரிவினையால் பெயர் மட்டும் மாறியுள்ளது.” இதற்கு வலுவான சான்று மின்கட்டண ரசீது. 2019-ஆம் ஆண்டு ரசீதிலும் அண்மைய ரசீதிலும் மின் இணைப்பு எண் ஒன்றாக இருந்தால், இரண்டையும் இணைப்பு 3 ஆக வைக்கலாம்.

இணைப்புகளைச் செய்தியில் சுட்டும் வரிசையிலேயே எண்ணிட வேண்டும். ஒவ்வொரு நகலின் மேல் வலப்பக்கமும் அதே எண்ணை எழுதிச் சான்றொப்பம் இட வேண்டும். “வாடகை ஒப்பந்த நகல், 4 பக்கங்கள்” என்று பக்கக் கணக்கும் வேண்டும், ஏனெனில் இடையில் ஒரு தாள் கழன்றால் அதைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும். கடிதத்தின் இரண்டாம் படியில் அலுவலக முத்திரையும் நாளும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், அதன் ந.க. எண்ணும் நாளும் அடுத்த கடிதத்தின் மூன்றாம் பார்வையாகும்.