சாலையில் ஒட்டகம்: படம் எந்த ஊர்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வருகிறது. நெடுஞ்சாலை, ஓரத்தில் ஒட்டகம், 'ராஜஸ்தான்ல எடுத்தது' என்று கேப்ஷன். ஒட்டகம்தான் இருக்கேன்னு உடனே நம்பிடாதீங்க. அது என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

வண்டி இழுக்கிறதா? அப்படியானால் அது உள்ளூர் ஒட்டகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வண்டிக்காரர் காலையில் சுமை ஏற்றிக்கொண்டு போய் மாலையில் வீடு திரும்புகிறவர், ரொம்ப தூரம் போக மாட்டார். பிகானேர் பக்கத்து வண்டி என்றால் சக்கரத்திலேயே தெரியும். தட்டையான மேடை, இரண்டே சக்கரம், அதில் குண்டான டயர். பல வண்டிகளில் அது விமானத்திலிருந்து கழற்றிய பழைய டயர். அகலமாக இருப்பதால் மணலில் புதையாது. ஆனால் ஹரியானாவிலும், ஆக்ரா பக்கத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்துவிலும் ஒட்டக வண்டி ஓடுகிறது. அதனால் வண்டியோடு நிறுத்தாமல் பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் பாருங்கள். இந்தி எழுத்தா, உருதுவா என்பதிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லாரியின் நம்பர் பிளேட் உதவும்தான், ஆனால் லாரி எந்த மாநிலத்திலும் ஓடும்.

வண்டி இல்லாமல், முதுகில் கயிற்றுக் கட்டில், படுக்கை, பானை எல்லாம் ஏற்றியிருக்கிறதா? பின்னால் ஆட்டுமந்தை, கறுப்பு உடையில் பெண்கள்? அவர்கள் கட்ச் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட ரபாரி மேய்ப்பர்களாக இருக்கலாம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உடையையும் ஒட்டகத்தையும் பார்த்தால் குஜராத் என்று தோன்றும். படம் எடுத்த இடமோ மகாராஷ்டிராவின் விதர்பாவாகவோ சத்தீஸ்கராகவோ இருக்கும். மேய்ச்சலைத் தேடி அவ்வளவு தூரம் நடப்பவர்கள் அவர்கள். இந்த மாதிரிப் படத்தில் விலங்கை விட்டுவிட்டு மண்ணையும் பயிரையும் பாருங்கள். கரிசல் மண்ணில் பருத்தி நின்றால் அது தார் பாலைவனம் இல்லை.

தப்பாகப் படித்தால் என்ன ஆகும்? 2022 ஜனவரியில் மகாராஷ்டிராவின் அமராவதி மாவட்டத்தில் 58 ஒட்டகங்களை போலீஸ் பிடித்து வைத்தது. ஹைதராபாத்துக்கு இறைச்சிக்காக நடத்திக் கொண்டு போகிறார்கள் என்பது புகார். விதர்பாவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களிடம் சேர்க்கத்தான் கொண்டுபோகிறோம் என்றார்கள் கூட வந்த 5 மேய்ப்பர்களும். ஒட்டகங்கள் கோசாலைக்குப் போயின, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 'இந்த ஊர்ல ஒட்டகத்துக்கு என்ன வேலை?' என்ற சந்தேகத்துக்கு, ரபாரிகளின் பாதை தெரிந்தவர்களிடம் பதில் இருந்தது.

வண்டியும் இல்லை, சுமையும் இல்லை, கலர் துணி போட்ட சேணம் மட்டும்தான் என்றால் அது சவாரி ஒட்டகம். கடற்கரை, கண்காட்சி என எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஊரைக் கண்டுபிடிக்க அது உதவாது.

யாக் எருமைக்கும் இதே கணக்குதான். சுமையோடு மலைப்பாதையில் நடந்தால் லடாக், சிக்கிம், அருணாச்சல் போன்ற இமயமலை உயரங்களில் தேடலாம். சேணத்தோடு போஸ் கொடுத்தால், சிக்கிமின் சோம்கோ ஏரியாகவும் இருக்கலாம், சிம்லா பக்கத்து குஃப்ரியாகவும் இருக்கலாம். பின்னால் தேவதாரு மரங்கள் தெரிந்தால் குஃப்ரி பக்கம் தேடுங்கள். சோம்கோ சுமார் 3,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே பெரும்பாலும் மொட்டைப் பாறையும் பனியும்தான்.