விளக்கம் கேட்பு நோட்டீஸின் சுருக்கம் (சரக்கு மற்றும் சேவை வரி)

விளக்கம் கேட்பு நோட்டீஸின் சுருக்கம் என்பது, ஜிஎஸ்டி அலுவலர் வணிகருக்கு அனுப்பும் 'ஷோகாஸ்' நோட்டீஸில் உள்ள குற்றச்சாட்டுகள், கேட்கப்படும் தொகைகள், பதில் தரவேண்டிய நாள் ஆகியவற்றை வணிகர் படித்து முடிவெடுக்கும்படி ஓரிரு பக்கங்களில் எடுத்தெழுதும் குறிப்பு ஆகும். வணிகரின் கணக்கரோ வரி ஆலோசகரோ இதை எழுதுவது வழக்கம். இது பதில் அல்ல. எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது என்று தீர்மானிக்கப் பயன்படும் அடித்தளம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லை ஊர்களில் இந்தச் சுருக்கத்தில் தனிக் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: தொகையை மொத்தமாக எழுதாமல் வரி வகைவாரியாகப் பிரித்து எழுதுவது.

எல்லையும் வரி வகையும்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் உள்ளது. ஊர்மக்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசுபவர்கள். கடைக்காரர்கள் பலருக்குப் பொள்ளாச்சிச் சந்தை கைக்கெட்டும் தூரம். ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலம். கேரளத்தில் பதிவான ஜிஎஸ்டி எண் 32 என்றும் தமிழ்நாட்டில் பதிவானது 33 என்றும் தொடங்கும். 33-இல் தொடங்கும் எண்ணுள்ள பொள்ளாச்சி வியாபாரி கொழிஞ்சாம்பாறைக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் பில்லில் ஐஜிஎஸ்டி இருக்கும். சித்தூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ வந்தால் அதே வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி எனப் பாதி பாதியாகப் பிரிந்திருக்கும்.

வாங்கும்போது கட்டிய இந்த வரியை வணிகர் GSTR-3B படிவத்தில் உள்ளீட்டு வரி வரவாக எடுக்கிறார். எல்லாக் கொள்முதலையும் உள்ளூர்க் கொள்முதல் என்று எண்ணி, பொள்ளாச்சி பில்லின் ஐஜிஎஸ்டியைச் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டங்களில் போட்டுவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழை. விற்றவர் ஏற்றிய விவரமோ GSTR-2A-இல் ஐஜிஎஸ்டி என்றே நிற்கும். இரண்டையும் ஒப்பிடும்போது இரு கட்டங்களில் வரவு கூடுதலாகவும் ஒரு கட்டத்தில் குறைவாகவும் தெரியும். கூடுதலான கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழும் நோட்டீஸே கீழே விளக்கப்படுகிறது.

நோட்டீஸ் எங்கே இருக்கும்

நோட்டீஸ் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றப்படுகிறது. அது வழக்கமான `View Notices and Orders` பக்கத்தில் தெரியாமல் `View Additional Notices/Orders` என்ற தனிப் பக்கத்தில் கிடப்பது உண்டு. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று இருந்தவர்களுக்கு நேரடியாக உத்தரவே வந்திருக்கிறது.

திறந்தால் இரண்டு ஆவணங்கள் இருக்க வேண்டும். ஒன்று DRC-01, நோட்டீஸின் சுருக்கமாக அலுவலரே தரும் படிவம் இது. மற்றது, காரணங்களை விரித்துச் சொல்லும் முழு நோட்டீஸ், இணைப்பாக. DRC-01 முழு நோட்டீஸுக்கு ஈடாகாது என்று கௌகாத்தி உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. ஆகவே இணைப்பு இருக்கிறதா, அதில் அலுவலரின் கையொப்பம் இருக்கிறதா என்பதே வணிகருக்கான சுருக்கத்தின் முதல் வரியாக அமைய வேண்டும். DRC-01-ஐ மட்டும் பார்த்து எழுதினால் தொகை கிடைக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பது கிடைக்காது.

அடுத்து எழுத வேண்டியது பிரிவு. 2023-24 வரையான நிதியாண்டுகளுக்கு, மோசடி இல்லாத குறைபாடு 73-ஆம் பிரிவிலும், மோசடி, வேண்டுமென்றே தவறான தகவல் தருதல், மறைத்தல் ஆகியவை 74-ஆம் பிரிவிலும் வரும். 2024-25 முதல் இரண்டுக்கும் 74A பிரிவு. 73-இல் தண்டத்தொகை வரியில் பத்து சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. 74-இல் அது வரிக்குச் சமமான தொகை வரை போகும்.

ஒரு நோட்டீஸ், படிப்படியாக

கீழ்வரும் வணிகரும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. கொழிஞ்சாம்பாறையில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருப்பவருக்கு 2021-22 நிதியாண்டுக்காக 73-ஆம் பிரிவின்கீழ் 16.09.2025 தேதியிட்ட நோட்டீஸ் வருகிறது. குற்றச்சாட்டுகள் இரண்டு.

*முதல் குற்றச்சாட்டு:* GSTR-2A-இல் இருப்பதைவிட GSTR-3B-இல் அதிக உள்ளீட்டு வரி வரவு எடுத்தது. கேட்கும் வரி 1,40,000 ரூபாய்.

*இரண்டாம் குற்றச்சாட்டு:* சொந்தக் கிடங்கு கட்ட வாங்கிய தரைஓடுகளுக்கு வரவு எடுத்தது. ஓடுகளின் விலை 2,00,000, வரி 36,000 ரூபாய். அசையாச் சொத்துக் கட்டுமானத்துக்கான சரக்கின் வரியை 17(5) பிரிவு வரவாக எடுக்க விடுவதில்லை.

மொத்தம் 1,76,000 ரூபாய் வரி, அதற்குரிய வட்டி, தண்டத்தொகை. சுருக்கம் இத்தோடு நின்றால், வணிகர் கேட்கும் முதல் கேள்வி 'கட்டிவிடலாமா?' என்பதாகத்தான் இருக்கும். முதல் குற்றச்சாட்டை இணைப்பில் உள்ள அட்டவணையிலிருந்து பிரித்து எழுதினால் வேறு படம் தெரிகிறது.

| வரி வகை | GSTR-3B (ரூ.) | GSTR-2A (ரூ.) | வேறுபாடு (ரூ.) |
|---|---|---|---|
| ஐஜிஎஸ்டி | 2,40,000 | 3,60,000 | 1,20,000 குறைவு |
| சிஜிஎஸ்டி | 1,90,000 | 1,20,000 | 70,000 கூடுதல் |
| எஸ்ஜிஎஸ்டி | 1,90,000 | 1,20,000 | 70,000 கூடுதல் |
| மொத்தம் | 6,20,000 | 6,00,000 | 20,000 கூடுதல் |

கூடுதலாக உள்ள இரண்டு வரிகளைக் கூட்டியதுதான் 1,40,000. ஐஜிஎஸ்டியில் எடுக்காமல் விட்ட 1,20,000 கணக்கில் சேரவில்லை. பில்களைப் பார்த்தால், பொள்ளாச்சிக் கொள்முதலின் ஐஜிஎஸ்டி 1,20,000 பாதி பாதியாக மற்ற இரு கட்டங்களில் ஏறியிருப்பது தெரியும். உண்மையில் விளக்க வேண்டியது மீதி 20,000 மட்டுமே.

இதற்குக் கேரளத்திலேயே முன்மாதிரி உண்டு. ஐஜிஎஸ்டி வரவைத் தவறுதலாக மற்ற இரு வகைகளில் காட்டிய ஒரு வணிகரின் வழக்கில், மின்னணு வரவுப் பேரேடு பல அறைகள் கொண்ட ஒரே பணப்பை போன்றது, அறை மாறியதை மட்டும் வைத்துத் தகுதிக்கு மீறிய வரவு எடுத்ததாகக் கொள்ள முடியாது என்று கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2024 நவம்பரில் கூறியது. சரக்கு வந்ததற்கும் வரி கட்டியதற்கும் பில், வங்கிக் கணக்கு, ஈ-வே பில் ஆகியவை இருந்தால்தான் இந்தத் தீர்ப்பு துணைக்கு வரும்.

மீதி 20,000, பாலக்காட்டு விற்பனையாளர் ஒருவர் தம் விவரத்தில் ஏற்றாமல் விட்ட பில்களுக்கானது. இங்கே பில் தேதியைச் சுருக்கத்தில் எழுதுவது அவசியம். 01.01.2022 முதல் விற்றவர் ஏற்றியிருப்பது வரவுக்கான நிபந்தனையாகவே 16(2)(aa) பிரிவில் சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய பில்களுக்கு, விற்றவரிடம் சான்று வாங்கித் தரும் வழியை 2023 ஜூலையில் வந்த 193-ஆம் சுற்றறிக்கை வரம்புக்கு உட்பட்டு அனுமதிக்கிறது.

தொகை

ஓடுகளுக்கான 36,000 ரூபாயை மறுக்க வழியில்லை. அதற்கு வட்டி உண்டா என்பது அந்த வரவு எடுக்கப்பட்டதோடு நிற்காமல் பயன்படுத்தப்பட்டதா என்பதைப் பொறுத்தது. பேரேட்டில் இருப்பு ஒருபோதும் அந்தத் தொகைக்குக் கீழே போகாமல் இருந்திருந்தால் வட்டி இல்லை. 20.02.2022 அன்று முழுவதும் பயன்பட்டுவிட்டது எனில், 14.10.2025 அன்று கட்டும்போது 1,332 நாட்களுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி:

```
36,000 × 18% × 1332 ÷ 365 = 23,648
```

தண்டத்தொகையை மொத்தத்தில் கணக்கிட்டால் 17,600 வரும். ஆனால் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் வரி 88,000. பத்து சதவீதம் 8,800. அது 10,000-க்குக் குறைவு என்பதால் தலா 10,000 என 20,000 கேட்கப்படும். இங்கேயும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தவர் தவறிவிடுவார்.

தேதிகள்

'கடைசி நாள்' என்று ஒரே தேதியை எழுதுவது சுருக்கங்களில் காணும் பெரிய குறை. நோட்டீஸில் மூன்று நாட்கள் கலந்து கிடக்கின்றன.

- *10.10.2025, பதில் தரும் நாள்.* அலுவலர் குறித்தது. தளத்தில் DRC-06 வழியாகப் பதில் ஏற்ற வேண்டும்.
- *16.10.2025, தண்டத்தொகை இல்லாமல் கட்டும் நாள்.* நோட்டீஸ் வந்ததிலிருந்து 30 நாட்கள். 73(8) பிரிவு தருவது. வரியும் வட்டியும் DRC-03 வழியாக. 74A பிரிவில் இது 60 நாட்கள்.
- *17.10.2025, நேரில் கேட்கும் நாள்.* பதில் தராதவருக்கும், பாதகமான முடிவு எடுப்பதாக இருந்தால், 75(4) பிரிவின்படி இந்த வாய்ப்பு தர வேண்டும்.

அலுவலர் அவகாசம் நீட்டினால் நீளுவது முதல் நாளும் மூன்றாம் நாளும்தான். இரண்டாவது சட்டம் குறித்த நாள், அது நகராது. நீட்டிப்பு கிடைத்த நிம்மதியில் இதை விட்டுவிடுவது வழக்கமான இழப்பு. பகுதித் தொகை மட்டும் கட்டினால் நோட்டீஸ் முடிந்துவிடாது. கட்டிய எண்ணைப் பதிலில் குறித்து, அந்தப் பகுதிக்குத் தண்டத்தொகை வேண்டாம் என்று கேட்க வேண்டும்.

நான்காவதாக அலுவலருக்கான நாளையும் எழுதிவைப்பது பயன்தரும். 2021-22-க்கான ஆண்டு அறிக்கையின் கெடு 31.12.2022. மூன்று ஆண்டுகளுக்குள், அதாவது 31.12.2025-க்குள் உத்தரவு வர வேண்டும். நோட்டீஸ் அதற்கு மூன்று மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். இந்த நோட்டீஸ் கெடுவுக்குள் வந்ததுதான்.

சொற்களை மாற்றாமை

நோட்டீஸில் சொன்ன தொகைக்கு மேலும், சொல்லாத காரணத்தின் பேரிலும் உத்தரவு போடக்கூடாது என்கிறது 75(7) பிரிவு. அதனால் குற்றச்சாட்டின் முக்கிய வாக்கியத்தை உள்ளபடியே, பத்தி எண்ணோடு எடுத்தெழுதி, தமிழ் விளக்கத்தை அதன் கீழே தருவது நல்ல முறை. 'அதிக வரவு' என்பதைச் சுருக்குபவர் 'பொய் பில்' என்று எழுதிவிட்டால், வணிகர் கேட்கப்படாத குற்றத்துக்குப் பதில் எழுதத் தொடங்குவார்.

பதில் ஏறாவிட்டால் கிடைக்கும் விவரத்தை வைத்து DRC-07 உத்தரவு வரும். அதன்மேல் முறையீட்டுக்கு மூன்று மாத அவகாசம், தகராறில் உள்ள வரியில் பத்து சதவீத முன்பணம். மேற்கண்ட கணக்கில் முழு வரியையும் எதிர்த்தால் அது 17,600 ரூபாய். பொள்ளாச்சி பில்களை ஒரு அட்டவணையில் மூன்று வகையாகப் பிரித்துப் போட்டிருந்தால் இதில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.